கடனா, பங்கா? 19 கோடியில் பிரியும் பாதை

ஆலையை விரிவாக்குவது என்று முடிவாகிவிட்டது. புதிய கதிர்களுக்கும் கட்டடத்துக்கும் 50 கோடி ரூபாய் வேண்டும். வங்கி 10 சதவீத வட்டியில் டெர்ம் லோன் தரத் தயாராக இருக்கிறது. இன்னொரு பக்கம் மெர்ச்சன்ட் பேங்கர், "பங்கு ஒன்றுக்கு 100 ரூபாய் விலை வைத்து 50 லட்சம் புதிய பங்குகளை வெளியிடுங்கள், வாங்க ஆள் இருக்கிறது" என்கிறார். இயக்குநர் குழுவில் பாதிப் பேருக்குக் கடன் என்றாலே பயம். மீதிப் பேருக்கு, சொந்தக் கம்பெனியை வெளியாளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க மனமில்லை.

இரண்டு தரப்பும் குணத்தை வைத்துப் பேசுகின்றன. ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஆலை எவ்வளவு சம்பாதித்தால் கடன் லாபம், எவ்வளவு சம்பாதித்தால் பங்கு லாபம், எந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று அது காட்டிவிடும். அந்த இடத்துக்குச் சமநிலைப் புள்ளி என்று பெயர். அதைக் கண்டுபிடிப்பது எளிது. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று புரிந்துகொள்வதுதான் கடினம்.

இந்த ஆலை ஒரு கற்பனை ஆலை. கணக்கு புரிவதற்காக எண்களை முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன்.

ஆலையின் கணக்குப் புத்தகம்

ஆலையிடம் இப்போது ஒரு கோடி பங்குகள் இருக்கின்றன. பங்குதாரர்கள் போட்ட முதலும் இத்தனை ஆண்டுகளில் சேர்ந்த லாபமும் சேர்த்து நிகர மதிப்பு 100 கோடி. அதாவது பங்கு ஒன்றின் புத்தக மதிப்பு 100 ரூபாய். பஞ்சு வாங்க வங்கியில் 40 கோடி ரூபாய்க்குக் கேஷ் கிரெடிட் இருக்கிறது. அதற்கு 10 சதவீதம் வீதம் ஆண்டுக்கு 4 கோடி வட்டி போகிறது. இது எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் போகும் செலவு.

இனி நமக்கு இரண்டு லாபங்கள் தேவை. முதலாவது, நூல் விற்ற பணத்திலிருந்து பஞ்சு, கூலி, மின்கட்டணம், தேய்மானம் எல்லாம் கழித்த பிறகு, ஆனால் வட்டியும் வரியும் கட்டுவதற்கு முன் நிற்கும் தொகை. இதைச் செயல்பாட்டு லாபம் என்போம். பணம் எங்கிருந்து வந்தது என்பது இதைப் பாதிக்காது. கடனில் வாங்கிய கதிரும் பங்குப் பணத்தில் வாங்கிய கதிரும் ஒரே நூலைத்தான் நூற்கின்றன. இரண்டாவது, அதிலிருந்து வட்டியும் வரியும் போக மிஞ்சுவதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது: ஒரு பங்குக்கான லாபம். பணம் வந்த வழி இங்கேதான் வித்தியாசம் காட்டுகிறது.

கடன் வாங்கினால் வட்டி 4 கோடியிலிருந்து 9 கோடியாகும். பங்குகள் ஒரு கோடியாகவே இருக்கும். பங்கு வெளியிட்டால் வட்டி 4 கோடியில் நிற்கும். பங்குகள் ஒன்றரைக் கோடியாகும். கம்பெனி வரியை 25 சதவீதம் என்று கொள்வோம். சலுகைகளை விட்டுக்கொடுத்து 22 சதவீத வரியைத் தேர்ந்தெடுக்கும் இந்தியக் கம்பெனிகளுக்கு, கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வருகிறது.

நல்ல ஆண்டு ஒன்றில் செயல்பாட்டு லாபம் 25 கோடி என்று வைப்போம். கடன் வழியில் 9 கோடி வட்டி போக 16 கோடி. வரி போக 12 கோடி. ஒரு கோடி பங்குகளுக்குப் பிரித்தால் பங்குக்கு 12 ரூபாய். பங்கு வழியில் 4 கோடி வட்டி போக 21 கோடி. வரி போக 15.75 கோடி. ஒன்றரைக் கோடி பங்குகளுக்குப் பிரித்தால் 10.50 ரூபாய். கடன் ஜெயித்துவிட்டது.

சுமாரான ஆண்டில் செயல்பாட்டு லாபம் 13 கோடிதான் என்றால்? கடன் வழியில் 4 கோடி மிஞ்சி, வரி போகப் பங்குக்கு 3 ரூபாய். பங்கு வழியில் 9 கோடி மிஞ்சி, வரி போக 6.75 கோடி, பங்குக்கு 4.50 ரூபாய். இப்போது பங்கு ஜெயிக்கிறது. ஆக, இந்த 13 கோடிக்கும் 25 கோடிக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் இரண்டும் சமமாகியிருக்க வேண்டும்.

புள்ளியைக் கண்டுபிடிப்பது

அந்த இடத்தைத் தேட இரண்டு வழிகளின் பங்கு லாபத்தையும் சமமாக வைத்துச் சமன்பாடு போடலாம். அதைச் சுருக்கினால் வரும் வழி இது: புதிய கடனுக்கான வட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பங்குகளைப் புதிய பங்குகளால் வகுத்து, அந்த எண்ணால் வட்டியைப் பெருக்குங்கள். அதோடு பழைய வட்டியைக் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

நம் ஆலைக்குப் புதிய வட்டி 5 கோடி. மொத்தப் பங்குகள் 150 லட்சம், புதியவை 50 லட்சம், வகுத்தால் 3. ஐந்தை மூன்றால் பெருக்கினால் 15. பழைய வட்டி 4 சேர்த்தால் 19 கோடி. சரிபார்ப்போம்: கடன் வழியில் 19-இல் 9 போனால் 10, வரி போக 7.50, பங்குக்கு 7.50 ரூபாய். பங்கு வழியில் 19-இல் 4 போனால் 15, வரி போக 11.25, ஒன்றரைக் கோடிக்குப் பிரித்தால் அதே 7.50.

செயல்பாட்டு லாபம் 19 கோடிக்கு மேல் என்றால் கடன், கீழே என்றால் பங்கு. கட்டக் காகிதத்தில் வரைந்தால் இரண்டு நேர்கோடுகள் 19 கோடியில் வெட்டிக்கொள்ளும். செயல்பாட்டு லாபம் ஒரு கோடி கூடும்போதெல்லாம் கடன் கோடு பங்குக்கு 75 காசு ஏறும். பங்குக் கோடு 50 காசுதான் ஏறும். இறங்கும்போதும் அதே வேகம்தான்.

இந்தக் கணக்கில் வரி விகிதம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு வழிகளிலும் வட்டி போக மிஞ்சியதில் அதே 25 சதவீதம்தான் வரியாகப் போகிறது. சமன்பாட்டின் இரு பக்கத்திலும் இருப்பதால் அடிபட்டுவிடுகிறது. வரி ஏறினாலும் இறங்கினாலும் 19 கோடி நகராது. முன்னுரிமைப் பங்கு வெளியிடுவது என்றால் மட்டும் வரி உள்ளே வரும். காரணம், வட்டியை வரிக்கு முன்பே கழித்துக்கொள்ளலாம். டிவிடெண்டை வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். 10 சதவீத முன்னுரிமைப் பங்குக்கு 5 கோடி டிவிடெண்ட் கொடுக்க ஆலை வரிக்கு முன் ஏறக்குறைய 6.67 கோடி சம்பாதித்தாக வேண்டும். சாதாரணப் பங்கோடு ஒப்பிட்டால் அதன் சமநிலைப் புள்ளி 24 கோடிக்குப் போய்விடும்.

ஏன் 19 கோடி?

விரிவாக்கத்துக்குப் பிறகு ஆலையில் போட்டிருக்கும் மொத்த முதலைக் கூட்டிப் பாருங்கள். பங்குதாரர் பணம் 100 கோடி, பழைய கடன் 40 கோடி, புதிய பணம் 50 கோடி. ஆக 190 கோடி. அதில் 19 கோடி என்பது சரியாக 10 சதவீதம். வங்கி கேட்கும் வட்டியும் 10 சதவீதம்.

இது தற்செயல் அல்ல. கடன் வாங்கிய ஒவ்வொரு நூறு ரூபாயும் ஆலைக்குள் போய் 10 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால், வட்டி கொடுத்தது போக மீதி பழைய பங்குதாரர் மடியில் விழுகிறது. குறைவாகச் சம்பாதித்தால் துண்டு விழும் தொகையை அவர்கள்தான் தங்கள் பங்கிலிருந்து போட்டு நிரப்புகிறார்கள். சரியாக 10 ரூபாய் சம்பாதித்தால் வங்கிக்குப் போனதும் வந்ததும் ஒன்று. சமநிலைப் புள்ளியின் அடியில் இருக்கும் உண்மை இதுதான்.

ஆனால் புதிய பங்குகளைப் புத்தக மதிப்பிலேயே, அதாவது 100 ரூபாய்க்கே வெளியிடுவதால்தான் இது இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. விலை மாறினால் புள்ளியும் மாறும். சந்தை உற்சாகமாக இருந்து பங்கை 200 ரூபாய்க்கு வெளியிட முடிந்தால், 50 கோடி திரட்ட 25 லட்சம் பங்குகள் போதும். மொத்தம் 125 லட்சம், புதியவை 25 லட்சம்; வகுத்தால் 5. ஐந்தையும் ஐந்தையும் பெருக்கி நாலைக் கூட்டினால் 29 கோடி. கடன் ஜெயிக்க ஆலை இப்போது இன்னும் 10 கோடி கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். நல்ல விலைக்கு விற்கக்கூடிய பங்கு மலிவான பணம்.

இதையே மனக்கணக்காகவும் போடலாம். வரிச் சலுகை போக 10 சதவீத வட்டியின் உண்மையான சுமை 7.5 சதவீதம். பங்கு வெளியிட்ட பிறகு ஒரு பங்குக்குக் கிடைக்கப்போகும் லாபத்தை, வெளியிடும் விலையால் வகுத்துப் பாருங்கள். அது 7.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால், பங்கு மூலம் வாங்கும் பணம் கடனைவிட விலை கூடியது. கீழே இருந்தால் கடன்தான் விலை கூடியது. 100 ரூபாய் பங்குக்கு 7.50 ரூபாய், 200 ரூபாய் பங்குக்கு 15 ரூபாய் என்ற இடத்தில் இரண்டும் சமம்.

அதனால் இந்தக் கணக்கில் மிகவும் ஆட்டம் காட்டும் எண், வெளியீட்டு விலை. வட்டி விகிதத்தை வங்கி எழுத்தில் தருகிறது; விலையைச் சந்தைதான் கடைசி நாளில் சொல்கிறது. டாடா மோட்டார்ஸ் 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஃபோர்டு கம்பெனியிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு எடுத்திருந்த குறுகிய காலக் கடனின் ஒரு பகுதியை அடைக்க, சாதாரணப் பங்கு ஒன்று 340 ரூபாய் என்று உரிமைப் பங்கு வெளியிட்டது. வெளியீடு நடந்த சமயத்தில்தான் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்து உலகச் சந்தைகள் சரிந்தன. டாடா மோட்டார்ஸ் பங்கு சந்தையிலேயே 340 ரூபாய்க்குக் கீழே கிடைத்தபோது, சாதாரண முதலீட்டாளர் 340 கொடுத்து வாங்குவாரா? பெரும்பகுதியைக் குழுமத்தின் கம்பெனிகளே ஏற்க வேண்டி வந்தது. வசந்த காலத்தில் போட்ட கணக்கில் இருக்கும் விலை இலையுதிர் காலத்தில் கிடைக்காமல் போகலாம். வெளியீட்டு விலையை இரண்டு மூன்று விதமாக வைத்துப் புள்ளியைக் கணக்கிடாத அறிக்கையை இயக்குநர் குழு திருப்பி அனுப்பிவிடலாம்.

எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம்?

நம் ஆலைக்கு வருவோம். விரிவாக்கத்துக்குப் பிறகு சராசரியாக 22 கோடி செயல்பாட்டு லாபம் வரும் என்று நிர்வாகம் மதிப்பிடுகிறது. 19-ஐவிட 22 பெரியது, அதனால் கடன் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் பலர் தவறுகிறார்கள். சமநிலைப் புள்ளியோடு ஒப்பிட வேண்டியது சராசரியை மட்டும் அல்ல. லாபம் எவ்வளவு தூரம் ஊசலாடும் என்பதையும்தான்.

நூற்பாலைத் தொழிலில் இந்த ஊசலாட்டம் பெரிது. 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன் அதன் விலை ஏறக்குறைய அதில் பாதி. நூல் விலையை அதே வேகத்தில் ஏற்ற முடியாமல் தமிழ்நாட்டில் பல ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. இப்படிப்பட்ட தொழிலில் சராசரி 22 கோடி என்பதற்குள் 30 கோடி ஆண்டும் இருக்கும், 9 கோடி ஆண்டும் இருக்கும்.

மூன்று விதமான ஆண்டுகளில் பங்கு ஒன்றுக்கு என்ன மிஞ்சும் என்று பாருங்கள்:

| செயல்பாட்டு லாபம் | கடன் வழி | பங்கு வழி |
|---|---|---|
| 25 கோடி | ரூ. 12.00 | ரூ. 10.50 |
| 19 கோடி | ரூ. 7.50 | ரூ. 7.50 |
| 9 கோடி | ரூ. 0 | ரூ. 2.50 |

நல்ல ஆண்டில் கடன் தரும் ஆதாயம் ஒன்றரை ரூபாய். கெட்ட ஆண்டில் அது பறித்துக்கொள்வது இரண்டரை ரூபாய். கடந்த பத்து ஆண்டுகளின் செயல்பாட்டு லாபத்தை எடுத்து, மொத்த முதலில் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, எத்தனை ஆண்டுகளில் அது 10 சதவீதத்துக்குக் கீழே போனது என்று எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். பத்தில் ஒன்று என்றால் கடன் வாங்கலாம். பத்தில் நான்கு என்றால், சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். மின்சாரக் கட்டணமும் மக்களின் நுகர்வும் பெரிதாக மாறாத தொழிலுக்கும் பஞ்சு விலையோடு மல்லுக்கட்டும் தொழிலுக்கும் ஒரே சமநிலைப் புள்ளி வரலாம். ஒரே முடிவு வராது.

கணக்கில் தெரியாத தவணை

பங்குக்கான லாபத்தில் வட்டி தெரியும், அசல் தெரியாது. கடனின் அசலைத் திருப்பிக் கட்டுவது செலவுக் கணக்கில் வராது என்பதால், லாபம் இருக்கிறதே என்று நம்பியிருக்கும் ஆலை பணம் இல்லாமல் நிற்கும்.

50 கோடி டெர்ம் லோனை எட்டு ஆண்டுகளில் சமமாகக் கட்ட வேண்டும் என்றால் ஆண்டுக்கு அசல் 6.25 கோடி. மொத்த வட்டி 9 கோடியோடு சேர்த்தால் 15.25 கோடி. செயல்பாட்டு லாபம் 9 கோடியாகக் குறைந்த ஆண்டில், லாபக் கணக்குப்படி நட்டமில்லை, சரியாகப் பூஜ்யம். கையில் வரும் பணம் எவ்வளவு? தேய்மானம் 5 கோடி என்றால், அது காகிதச் செலவு என்பதால் திரும்பச் சேர்த்துக்கொண்டு 14 கோடி. கட்ட வேண்டியதோ 15.25 கோடி. ஒன்றேகால் கோடி குறைகிறது. உண்மையில் செயல்பாட்டு லாபம் ஏறக்குறைய 10.7 கோடிக்குக் கீழே போனவுடனேயே தவணை தடுமாறும். வங்கிகள் கடன் கொடுக்கும் முன் பங்கு லாபத்தை விட்டுவிட்டு, வட்டியையும் அசலையும் கட்டுமளவுக்குப் பணம் வருமா என்ற விகிதத்தைப் பார்ப்பது இதனால்தான். ஆலையும் தன் படத்தில் 19 கோடிக்குப் பக்கத்திலேயே 10.7 கோடி என்ற இந்த இரண்டாவது கோட்டையும் வரைந்துகொள்வது நல்லது. முதல் கோட்டைத் தாண்டினால் பங்குதாரர் கொஞ்சம் இழப்பார். இரண்டாவதைத் தாண்டினால் வங்கி கதவைத் தட்டும்.

லாபம் கூடினால் மதிப்பு கூடுமா?

இன்னொரு எல்லையும் உண்டு. பங்குக்கான லாபம் கூடுவதும் பங்கின் மதிப்பு கூடுவதும் ஒன்றல்ல. கடன் ஏறிய ஆலையின் லாபம் அதிகமாக ஊசலாடும் என்பது முதலீட்டாளருக்குத் தெரியும். அதனால் அந்த லாபத்துக்கு அவர் கொடுக்கும் மடங்கு குறையும். 25 கோடி ஆண்டில் கடன் வழி தரும் 12 ரூபாய்க்குச் சந்தை 10 மடங்கு கொடுத்தால் பங்கு விலை 120 ரூபாய். பங்கு வழி தரும் 10.50 ரூபாய்க்கு 12 மடங்கு கொடுத்தால் 126 ரூபாய். சமநிலைப் புள்ளியைத் தாண்டிய பிறகும் கடன் தோற்றுப்போக முடியும்.

பொருளாதார அறிஞர்கள் ஃப்ராங்கோ மோடிக்லியானியும் மெர்ட்டன் மில்லரும் 1958-இல் எழுதிய கட்டுரை இதை இன்னும் கூர்மையாகச் சொன்னது: வரியும் திவால் செலவும் இல்லாத உலகில், பணத்தைக் கடனாகத் திரட்டினாலும் பங்காகத் திரட்டினாலும் கம்பெனியின் மொத்த மதிப்பு மாறாது. நிஜ உலகில் வரிச் சலுகை கடன் பக்கம் இழுக்கிறது. திவால் பயம் மறுபக்கம் இழுக்கிறது. பங்கு லாபத்தை மட்டும் பார்ப்பவர் இந்த இழுபறியில் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறார்.

ஆதிக்கமும் கணக்குக்கு வெளியே நிற்கிறது. நிறுவனர் குடும்பத்திடம் 60 லட்சம் பங்குகள் இருந்தால் இப்போது 60 சதவீதம். புதிய 50 லட்சத்தையும் வெளியார் வாங்கினால் அது 40 சதவீதமாகிவிடும். குடும்பக் கம்பெனிகள் கணக்கு என்ன சொன்னாலும் கடன் பக்கம் சாய்வதற்கு இது பெரிய காரணம். பழைய பங்குதாரர்களுக்கே உரிமைப் பங்காகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் உரிமைப் பங்கின் விலையைச் சந்தை விலையைவிடக் குறைத்து வைப்பது வழக்கம். பங்குகளின் எண்ணிக்கை கூடிப் பங்கு லாபம் குறைந்தாலும், மலிவாகக் கிடைத்த பங்கு அதே ஆளின் கையில்தான் இருக்கிறது. அந்த வெளியீட்டில் பங்கு லாபம் குறைவதை இழப்பு என்று சொல்லிவிட முடியாது.

பாதிப் பாதி போட்டால்?

இயக்குநர் குழுவில் யாராவது ஒருவர் கடைசியில் இதைக் கேட்பார்: 25 கோடி கடன், 25 கோடி பங்கு என்று பிரித்தால்? கணக்குப் போட்டால் வட்டி 6.5 கோடி, பங்குகள் 125 லட்சம். 19 கோடியில் பங்கு லாபம் அதே 7.50 ரூபாய். எந்த விகிதத்தில் கலந்தாலும் கோடு அந்தப் புள்ளி வழியாகத்தான் போகும். கலவை மாற்றுவது கோட்டின் சாய்வை மட்டும். 25 கோடி ஆண்டில் இது 11.10 ரூபாய் தரும். முழுக் கடனைவிட 90 காசு குறைவு. 9 கோடி ஆண்டில் வரியும் வட்டியும் அசல் தவணையும் கட்டிய பிறகு கையில் 3.75 கோடி மிஞ்சும்; முழுக் கடன் என்றால் ஒன்றேகால் கோடி துண்டு விழுந்த அதே ஆண்டுதான் இது.

எனவே இயக்குநர் குழு கேட்க வேண்டிய கேள்வி "19 கோடியைத் தாண்டுவோமா?" என்பது மட்டும் அல்ல. நல்ல ஆண்டின் அந்த 90 காசுக்காக, பஞ்சு விலை திரும்பவும் லட்சத்தைத் தொடும் ஆண்டில் வங்கி முன்னால் போய்க் கால அவகாசம் கேட்கத் தயாரா என்பதும்தான். இந்த ஆலையின் எண்களை வைத்துப் பார்த்தால் பாதிப் பாதிதான் என் வாக்கு.